கடைசியாகப் பயன்படுத்தியது யார்?

வேலையை விட்டுப் போன பொறியாளரிடமிருந்து மடிக்கணினியைத் திருப்பி வாங்கியாயிற்று. அலுவலக மின்னஞ்சலையும் மூடியாயிற்று. இனி முதலாளி கேட்பது வழக்கமான கேள்விதான்: "அமேசான்ல அவர் உண்டாக்கின யூசர் ஒண்ணு இருக்காமே, அதையும் எடுத்துடுங்க தம்பி." விஷயம் தெரிந்தவர் சொல்லும் பதிலும் வழக்கமானதுதான்: "எடுத்துடலாம் சார். ஆனா இன்னைக்கு வேண்டாம்."

முதலாளிக்கு இது சோம்பலாகத் தோன்றலாம். அழிப்பது இரண்டு கட்டளைகளில் முடிகிற வேலை. ஆனால் அந்த இரண்டு கட்டளைகளுக்கு முன்னால் ஒரு மாதத்துக்கும் மேலான வேலை இருக்கிறது, அதில் பாதி வெறும் காத்திருப்பு. அந்த மாதத்தில் என்ன நடக்கிறது என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

அமேசானின் கிளவுட் சேவையான ஏ.டபிள்யூ.எஸ்.ஸில் ஒரு கணக்குக்குள் பல பயனர்களை உண்டாக்கலாம். மனிதர் உள்ளே நுழையக் கடவுச்சொல் போதும். நிரல்களுக்கு ஆக்சஸ் கீ வேண்டும். அது ஓர் இணை. அடையாள எண் 20 எழுத்துகள் கொண்டது, எப்போதும் AKIA என்றே தொடங்கும். இன்னொன்று 40 எழுத்துகள் கொண்ட ரகசியப் பகுதி. உண்டாக்கிய அந்த ஒரு முறைதான் அது திரையில் தெரியும், பிறகு யாராலும் அதைப் பார்க்க முடியாது. நிரல் அனுப்பும் ஒவ்வொரு கோரிக்கையும் இந்த ரகசியத்தால் கையொப்பம் இடப்படுகிறது. கையொப்பம் பொருந்தினால் வேலை நடக்கும்.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. எந்தக் கீ கையொப்பமிட்டது என்று அமேசானுக்குத் தெரியும். அந்தக் கீயின் நகல் எத்தனை கணினிகளில், எந்தெந்தக் கோப்புகளில் கிடக்கிறது என்பது அமேசானுக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. போனவருக்கு ஒருவேளை தெரிந்திருக்கும்.

ஓர் உதாரணத்தோடு போவோம். மும்பை ரீஜனில் இயங்கும் ஒரு சிறிய இணையக் கடை. `shop-app` என்ற பயனரைப் போன பொறியாளர் சில ஆண்டுகளுக்கு முன் உண்டாக்கியிருக்கிறார். ஒரு பயனருக்கு அதிகபட்சம் இரண்டு கீகள்தான் வைத்துக்கொள்ளலாம். இரண்டையும் அவர் உண்டாக்கிவிட்டார். இணையதள சர்வர் பொருள்களின் படங்களையும் பில்களையும் எஸ்3 சேமிப்பகத்தில் போடுகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். வேறு யார் இந்தக் கீகளைப் பயன்படுத்துகிறார்கள் என்று கேட்டால் அலுவலகத்தில் ஆளுக்கு ஒரு பதில் வருகிறது.

முதலில் கேட்க வேண்டியது ஏ.டபிள்யூ.எஸ்.ஸைத்தான். ஒவ்வொரு கீயும் கடைசியாக எப்போது, எந்தச் சேவைக்கு, எந்த ரீஜனில் பயன்பட்டது என்பதை அது குறித்து வைக்கிறது.

```
aws iam get-access-key-last-used \
  --access-key-id AKIAIOSFODNN7EXAMPLE
```

விடை இப்படி வரும்:

```
"LastUsedDate": "2025-03-11T09:14:00+00:00",
"ServiceName": "s3",
"Region": "ap-south-1"
```

நிறையப் பேர் இந்த விடையைப் பார்த்து ஏமாறுகிறார்கள். பல மாதங்களுக்கு முந்தைய தேதி வந்தால் "யாரும் பயன்படுத்தவில்லை" என்று முடிவு கட்டுவது ஒரு வகை. ஆண்டுக்கு ஒருமுறை ஓடும் நிரல் ஒன்று இருந்தால் அந்த முடிவு தவறிவிடும். இன்னொரு வகை இதைவிட நுட்பமானது. இன்றைய தேதியும் எஸ்3 என்ற பெயரும் வந்ததும், "ஓ, இது நம் இணையதள சர்வர்தான், அதை மட்டும் மாற்றிவிட்டால் போதும்" என்று நினைத்துவிடுவது. காட்டப்படுவது கடைசிப் பயன்பாடு மட்டும்தான். இணையதளம் சில நிமிடங்களுக்கு ஒருமுறை எஸ்3யைத் தொடுகிறது. அதனால் இரவில் ஒருமுறை தொடுகிறவர், மாதத்தில் ஒருமுறை தொடுகிறவர் என்று மற்ற எல்லோருடைய தடயமும் அதன் அடியில் மறைந்துபோகிறது. சத்தமாகப் பேசுகிற ஒருவர் இருக்கும் அறையில் மற்றவர் குரல் கேட்காததைப் போல.

கிளவுட்ட்ரெயில் என்ற பதிவேடு இருக்கிறதே, அதில் தேடினால் என்ன? தேட வேண்டும். கடந்த 90 நாள் நிகழ்வுகளைக் கட்டணமில்லாமல் அதில் பார்க்கலாம். கீயின் எண்ணை வைத்தே தேட முடியும். ஒவ்வொரு நிகழ்விலும் கோரிக்கை வந்த ஐ.பி. முகவரியும், எந்த மென்பொருள் அனுப்பியது என்ற குறிப்பும் இருக்கும்.

```
aws cloudtrail lookup-events --region ap-south-1 \
  --lookup-attributes \
  AttributeKey=AccessKeyId,AttributeValue=AKIAIOSFODNN7EXAMPLE
```

ஆனால் இந்த 90 நாள் வரலாற்றில் நிர்வாக நிகழ்வுகள் மட்டுமே இருக்கும். பக்கெட்டை உண்டாக்கினால் பதிவாகும். பக்கெட்டுக்குள் ஒரு கோப்பைப் போட்டாலோ எடுத்தாலோ இதில் வராது. அவை தரவு நிகழ்வுகள் என்ற வேறு கணக்கில் சேரும். அவற்றைத் தனியாக இயக்கிவைக்க வேண்டும், அதற்குக் கட்டணம் உண்டு, இயக்கிய நாளுக்கு முந்தையது கிடைக்காது. நம் கடையின் கீ செய்வதெல்லாம் கோப்புகளைப் போடுவதும் எடுப்பதும்தான். அதனால் இந்தத் தேடலுக்கு வெறுமையான விடை வந்தாலும் ஆச்சரியப்பட வேண்டியதில்லை. அந்த வெறுமையை நம்பி அழித்தவர்கள் உண்டு. இன்னொன்று, இந்தத் தேடல் ரீஜன் வாரியாக நடப்பது. மும்பையில் தேடினால் சிங்கப்பூரில் நடந்தது தெரியாது.

எந்தப் பக்கெட்டில் வேலை நடக்கிறது என்று தெரிந்தால், அதற்கு மட்டுமாவது தரவு நிகழ்வுகளை ஒரு மாதம் இயக்கிவைப்பது நல்லது. சிறிய கடைக்கு அந்தச் செலவு தாங்கும். இயக்கிய பிறகு ஒவ்வொரு கோப்பையும் எந்தக் கீ, எந்த ஐ.பி.யிலிருந்து தொட்டது என்று தெரிந்துவிடும்.

இதோடு இன்னொரு வழியையும் சேர்த்துக்கொள்ளலாம். சத்தமாகப் பேசுகிறவரை முதலில் அறையிலிருந்து வெளியே அனுப்புவது. இணையதள சர்வரை வேறு அடையாளத்துக்கு மாற்றிவிட்டு, பழைய கீயின் கடைசிப் பயன்பாட்டுத் தேதியை மறுபடி பார்க்க வேண்டும். அது அங்கேயே நின்றுவிட்டால் நல்லது. நகர்ந்தால் இன்னொருவர் இருக்கிறார். அவரையும் கண்டுபிடித்து மாற்றிவிட்டு மறுபடி பார்க்க வேண்டும். ஒருவரை அப்புறப்படுத்தினால்தான் அடுத்தவர் தெரிவார்.

ஆக முதல் வேலை, இணையதள சர்வரை மாற்றுவது. அது அமேசானின் இ.சி.2 சர்வரிலேயே ஓடுவதால் அதற்குக் கீயே தேவையில்லை. ரோல் ஒன்றை உண்டாக்கி, தேவையான அனுமதிகளை மட்டும் கொடுத்து, சர்வரோடு இணைத்துவிடலாம். அமேசானே சில மணி நேரத்துக்கு ஒருமுறை தற்காலிகச் சான்றுகளை மாற்றி மாற்றித் தரும். கோப்பில் எழுதிவைக்க ரகசியம் எதுவும் இருக்காது.

ரோலை இணைத்துவிட்டு "முடிந்தது" என்று எழுந்துவிடக் கூடாது. ஏ.டபிள்யூ.எஸ். மென்பொருள் நூலகங்கள் சான்றைத் தேடுவதில் ஒரு வரிசை வைத்திருக்கின்றன. முதலில் `AWS_ACCESS_KEY_ID` போன்ற சூழல் மாறிகளைப் பார்க்கும். பிறகு `~/.aws/credentials` கோப்பைப் பார்க்கும். சர்வரோடு இணைத்த ரோல் கிட்டத்தட்டக் கடைசியில்தான் வரும். பழைய கீ `.env` கோப்பில் இருக்கும்வரை ரோலை அது திரும்பிக்கூடப் பார்க்காது. கோப்பிலிருந்து கீயை நீக்க வேண்டும். நிரலையும் மறுபடி தொடங்க வேண்டும், ஏனென்றால் ஓடிக்கொண்டிருக்கும் நிரல் பழைய மதிப்பை நினைவில் வைத்திருக்கும். எந்த அடையாளத்தில் ஓடுகிறது என்று பார்க்க ஒரு கட்டளை இருக்கிறது:

```
aws sts get-caller-identity
```

விடையில் `user/shop-app` என்று வந்தால் இன்னும் பழைய கீ. `assumed-role` என்று வந்தால் ரோல். இதை நீங்கள் சர்வருக்குள் நுழைந்து உங்கள் பெயரில் ஓட்டினால் உங்கள் சூழலைத்தான் அது சொல்லும், இணையதள நிரலின் சூழலை அல்ல. நிரல் ஓடும் அதே பயனரின் கீழ், அதே கன்டெய்னருக்குள் ஓட்ட வேண்டும். டாக்கர் கன்டெய்னராக இருந்தால் இன்னொரு தடங்கலும் வரலாம். ரோலின் சான்றைத் தரும் உள்முகவரியிலிருந்து வரும் பதில் ஒரு தாவலுக்கு மேல் போகக் கூடாது என்று சர்வரில் அமைத்திருந்தால், கன்டெய்னருக்குள் இருக்கும் நிரலுக்கு அது எட்டாது. "சான்று எதுவும் கிடைக்கவில்லை" என்று பிழை வரும். அந்த வரம்பை 2 என்று மாற்றினால் சரியாகிவிடும்.

இந்த மாற்றத்தால் உடையக்கூடியது இன்னொன்றும் உண்டு. அதைப் பற்றி முன்கூட்டியே யோசிப்பவர்கள் குறைவு. கடை வாடிக்கையாளருக்கு அனுப்பும் மின்னஞ்சலில் "உங்கள் பில்லை இங்கே பதிவிறக்கலாம்" என்று ஓர் இணைப்பு இருக்கிறது. அது முன்கூட்டியே கையொப்பமிட்ட எஸ்3 இணைப்பு. அதிகபட்சம் 7 நாள் செல்லும். பழைய கீயால் கையொப்பமிட்டபோது அந்த 7 நாளும் சரியாகவே சென்றது. ரோலின் தற்காலிகச் சான்றால் கையொப்பமிட்டால், இணைப்பில் 7 நாள் என்று எழுதியிருந்தாலும் அந்தச் சான்று காலாவதியாகும்போது இணைப்பும் செத்துவிடும். சில மணி நேரத்தில் அது நடக்கும். காலையில் வாங்கியவர் மறுநாள் பில்லைத் திறக்கிறார், பிழை வருகிறது. கீயை யாரும் இன்னும் தொடவே இல்லை! இதற்கு நேரான தீர்வு, மின்னஞ்சலில் எஸ்3 இணைப்பைப் போடாமல் கடையின் சொந்த முகவரியைப் போடுவது. வாடிக்கையாளர் சொடுக்கும்போது அந்த நொடியில் புதிய இணைப்பை உண்டாக்கி அங்கே அனுப்பிவிடலாம்.

ஏற்கெனவே அனுப்பிய பில்கள் பழைய கீயின் கையொப்பத்தோடு வாடிக்கையாளர்களின் பெட்டிகளில் இருக்கின்றன. கீயை முடக்கினால் அவையும் அந்த நொடியே செத்துவிடும். அதனால் சர்வரை மாற்றிய பிறகு குறைந்தது 7 நாளாவது பழைய கீயைத் தொடக் கூடாது.

அந்த 7 நாளும் தேதியைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். மூன்றாம் நாள் பார்த்தால் தேதி நகர்ந்திருக்கிறது: `2025-03-14T20:30:00+00:00`. அடுத்த நாளும் அதே 20:30. இது கிரீன்விச்சை ஒட்டிய உலகப் பொது நேரம். நம் நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் கூட்டினால் அதிகாலை 2 மணி. சரியாக அதிகாலை 2 மணிக்கு மனிதர் யாரும் கோப்பு அனுப்ப மாட்டார்கள். அது ஏதோ ஒரு சர்வரில் நேரம் குறித்து ஓடும் வேலை. தேடினால் அலுவலகத்தின் மூலையில் இருக்கும் கணக்குச் சர்வர் கிடைக்கிறது. இரவுதோறும் காப்புப் பிரதியை எஸ்3க்கு அனுப்பிக்கொண்டிருக்கிறது. ரூட் பயனரின் வீட்டு அடைவில் `.aws/credentials` கோப்பு. பழைய கீதான்.

இந்தச் சர்வர் அமேசானுக்கு வெளியே இருப்பதால் ரோலை நேரடியாக இணைக்க முடியாது. சான்றிதழ்களை வைத்து வெளிக் கணினிகளுக்கும் தற்காலிகச் சான்று வழங்கும் வசதியை அமேசான் 2022இல் கொண்டுவந்தது. பெரிய நிறுவனங்களுக்கு அது சரிவரும். ஒரே ஒரு காப்புப் பிரதிக்காகச் சான்றிதழ் நிர்வாகத்தைத் தலையில் ஏற்றிக்கொள்வது சிறிய கடைக்கு வேண்டாத சுமை என்றே நினைக்கிறேன். அந்த வேலைக்கு மட்டும் புதுப் பயனர் ஒருவரை உண்டாக்கி, அந்த ஒரு பக்கெட்டில் கோப்பைப் போடும் அனுமதியை மட்டும் கொடுத்தால் போதும். அடுத்தமுறை இதே கேள்வி வரும்போது, பயனரின் பெயரே விடையாக இருக்கும்.

இரண்டாவது கீயின் கதை வேறு. அதை எந்தக் கோப்பில் தேடினாலும் ரகசியப் பகுதி கிடைக்காது. ஆனாலும் அது தினமும் வேலை செய்கிறது. கடையின் மின்னஞ்சல்கள் அமேசானின் எஸ்.இ.எஸ். சேவை வழியே, வழக்கமான எஸ்.எம்.டி.பி. முறையில் போகின்றன. அந்த அமைப்பில் பயனர் பெயர் என்று கேட்கும் இடத்தில் போடுவது ஆக்சஸ் கீயின் AKIA எண்ணைத்தான். கடவுச்சொல்லோ ரகசியப் பகுதியிலிருந்து ஒரு கணக்கீட்டின் மூலம் வருவிக்கப்பட்ட வேறொரு சரம். ரகசியத்தைத் தேடுகிறவர் கண்ணில் அது படவே படாது. அதனால் தேட வேண்டியது எப்போதும் AKIA எண்ணை, ரகசியத்தை அல்ல. `email-smtp.ap-south-1.amazonaws.com` என்ற முகவரி இருக்கும் அமைப்புப் பக்கங்களையும் பார்க்க வேண்டும். அது பெரும்பாலும் சர்வரில் இருக்காது. இணையதள மென்பொருளின் "மின்னஞ்சல் அமைப்பு" என்ற பக்கத்தில், தரவுத்தளத்துக்குள் இருக்கும்.

எஸ்.எம்.டி.பி. வழிக்கு ரோல் உதவாது. தற்காலிகச் சான்றிலிருந்து அந்தக் கடவுச்சொல்லை வருவிக்க முடியாது. நிரலை மாற்றி ஏ.பி.ஐ. வழியே அனுப்பலாம், அல்லது மின்னஞ்சல் அனுப்பும் அனுமதி மட்டும் கொண்ட தனிப் பயனரை உண்டாக்கிப் புதுக் கடவுச்சொல் பெறலாம். நம் கடை இரண்டாவதைச் செய்கிறது. புது அமைப்பில் சோதனை அஞ்சல் ஒன்று போய்ச் சேர்ந்ததைப் பார்த்தபின் பழையதை விட்டுவிடுகிறது.

இப்போது இரண்டு கீகளின் தேதிகளும் அசையாமல் நிற்கின்றன. ஒரு வாரம் ஆகிவிட்டது. அழிக்கலாமா? கூடாது. முடக்கலாம்.

```
aws iam update-access-key --user-name shop-app \
  --access-key-id AKIAIOSFODNN7EXAMPLE --status Inactive
```

முடக்குவதும் அழிப்பதும் நிரலின் கண்ணுக்கு ஒன்றுதான். இரண்டிலும் கதவு மூடிக்கொள்ளும். வேறுபாடு நமக்குத்தான். முடக்கியதை `Active` என்று மாற்றினால் அதே கீ, அதே ரகசியத்தோடு உயிர் பெறும். அழித்ததை அமேசானாலும் திருப்பித் தர முடியாது. ரகசியப் பகுதி யாரிடமும் இல்லை என்பதால் அதே கீயை மறுபடி உண்டாக்கும் பேச்சுக்கே இடமில்லை. அமேசானின் இணையப் பக்கத்தில் அழிக்கப் போனால் முதலில் முடக்கச் சொல்லி நிறுத்தும். கட்டளை வரிக்கு அந்தக் கரிசனம் கிடையாது. `delete-access-key` என்று அடித்தால் கேள்வி கேட்காமல் அழித்துவிடும்.

முடக்க உகந்த நேரம் வார நாள் காலை, எல்லோரும் வேலையில் இருக்கும்போது. வெள்ளிக்கிழமை மாலை வேண்டாம். இரண்டு கீகளையும் ஒரே நேரத்தில் முடக்குவதும் வேண்டாம்; எது எதை உடைத்தது என்ற குழப்பம் வரும். மாற்றம் எல்லா இடங்களுக்கும் பரவச் சிறிது நேரம் ஆகும். அதனால் உடனே ஒன்றும் உடையவில்லை என்றால் அதை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது.

உடைந்தால் எப்படித் தெரியும்? எஸ்3 என்றால் லாக்கில் `InvalidAccessKeyId` என்று வரும். வேறு பல சேவைகளில் `InvalidClientTokenId`. மின்னஞ்சலில் 535 என்ற எண்ணோடு சான்று தவறு என்று வரும். இவை மூன்றும் பழைய கீயை இன்னும் யாரோ பயன்படுத்துகிறார்கள் என்பதற்கான அடையாளங்கள். கீயை மறுபடி இயக்கிவிட்டு, ஆளைத் தேட வேண்டும். `AccessDenied` என்று வந்தால் கதை வேறு. அங்கே அடையாளம் செல்லுபடியாகிறது, அனுமதிதான் போதவில்லை. பெரும்பாலும் புது ரோலின் பாலிசியில் ஏதோ விட்டுப்போயிருக்கும். அதற்குப் பழைய கீயை உயிர்ப்பித்தால் ஒன்றும் ஆகாது.

சத்தமில்லாமல் உடைபவைதான் மோசம். காப்புப் பிரதி நின்றால் யாரும் கூப்பிட்டுச் சொல்ல மாட்டார்கள். பிழைச் செய்தி யாரும் படிக்காத ஒரு லாக் கோப்பில் போய் உட்கார்ந்துகொள்ளும். அதனால் முடக்கிய மறுநாள் காலை பக்கெட்டைத் திறந்து, நேற்றிரவுக் கோப்பு வந்திருக்கிறதா, அளவு வழக்கம்போல இருக்கிறதா என்று கண்ணால் பார்க்க வேண்டும். இணையதளத்தில் பழைய படங்கள் தெரிவது போதாது. புதுப் படம் ஒன்றை ஏற்றிப் பார்க்க வேண்டும்.

தாமதமாக உடைபவையும் உண்டு. ஏதாவது நிரல் இந்தக் கீயை வைத்து வேறொரு ரோலை ஏற்றுக்கொண்டு, அதன் தற்காலிகச் சான்றோடு ஓடிக்கொண்டிருந்தால், கீயை முடக்கிய பிறகும் அந்தச் சான்று தன் காலம் முடியும்வரை செல்லும். வழக்கமாக ஒரு மணி நேரம், அமைப்பைப் பொறுத்து 12 மணி நேரம்வரை. காலை 11 மணிக்கு முடக்கி, மதியம் வரை எல்லாம் நன்றாக ஓடி, நள்ளிரவுக்குக் கொஞ்சம் முன்னால் நின்றுபோவது இப்படித்தான்.

இவ்வளவு நிதானமும் கீ பத்திரமாக இருக்கும்போதுதான். கீ வெளியே கசிந்துவிட்டது என்று தெரிந்தால் வரிசை தலைகீழ். முதலில் முடக்கு, பிறகு உடைந்ததைச் சரிசெய். 2016இல் ஊபர் நிறுவனத்தின் தனிப்பட்ட கிட்ஹப் களஞ்சியத்தில் நுழைந்தவர்கள் அங்கே ஏ.டபிள்யூ.எஸ். சான்றைக் கண்டெடுத்து, ஐந்து கோடியே எழுபது லட்சம் பேரின் தகவல்களை எடுத்துக்கொண்டு போனார்கள். அப்படியொரு நிலையில் பில் இணைப்பு சாவதைப் பற்றி யாரும் கவலைப்பட மாட்டார்கள். முன்பு சொன்ன தற்காலிகச் சான்றுகள் அப்போதும் உயிரோடு இருக்கும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. அந்த ரோல்களின் நடப்பு அமர்வுகளையும் தனியாக ரத்து செய்ய வேண்டும்.

நம் கடைக்குத் திரும்புவோம். முடக்கி இரண்டு வாரம் ஆகியும் எல்லாம் அமைதி. ஏப்ரல் 1ஆம் தேதி காலை, தணிக்கையாளரின் உதவியாளர் அலுவலகத்தைத் தொலைபேசியில் அழைக்கிறார்: "அண்ணே, போன மாச பில்லெல்லாம் இறங்கவே மாட்டேங்குது." அவருடைய மடிக்கணினியில் ஒரு சிறிய நிரல் இருக்கிறது. மாதம் பிறந்ததும் அதைச் சொடுக்கினால் போன மாதப் பில்கள் அனைத்தும் எஸ்3யிலிருந்து இறங்கும். போன பொறியாளர் செய்து கொடுத்தது. மார்ச் 1ஆம் தேதி அவர் சொடுக்கியபோது இணையதளத்தின் கோரிக்கைகள் அந்தத் தடயத்தை அடுத்த சில நிமிடங்களிலேயே மூடிவிட்டன. தரவு நிகழ்வுகளை இயக்கியது அதற்குப் பிறகுதான், அதனால் அதிலும் சிக்கவில்லை. எந்தக் கட்டளையாலும் இவரைக் கண்டுபிடித்திருக்க முடியாது. முடக்கிவிட்டுக் காத்திருந்ததால்தான் தானாகவே வந்து நின்றார்.

கீயை மறுபடி இயக்குகிறார்கள், அவர் பில்களை இறக்கிக்கொள்கிறார், மாலையில் மீண்டும் முடக்குகிறார்கள். படிக்க மட்டும் அனுமதி கொண்ட வேறு வழி ஒன்றை அந்த வாரமே அவருக்குச் செய்து கொடுக்கிறார்கள். எவ்வளவு காலம் காத்திருப்பது என்ற கேள்விக்கு விடையும் இதிலிருந்தே வருகிறது. நிறுவனத்தில் நடக்கும் மிக நீண்ட சுழற்சியைவிடச் சற்று அதிகம். மாதக் கணக்கு இருந்தால் ஒரு மாதப் பிறப்பைத் தாண்ட வேண்டும். காலாண்டு அறிக்கை இருந்தால் ஒரு காலாண்டு. ஆண்டுக்கு ஒருமுறை நடப்பதற்காக ஓராண்டு காத்திருக்கச் சொல்ல மாட்டேன். அதற்குக் கணக்குப் பிரிவில் போய் உட்கார்ந்து கேட்பதே விரைவான வழி. முடக்கிய கீக்குக் கட்டணம் எதுவும் இல்லை. ஆனால் அனுமதி உள்ள யார் வேண்டுமானாலும் அதை உயிர்ப்பிக்கலாம் என்பதால் காலவரையின்றி விட்டுவைப்பதும் சரியல்ல. முடக்கிய தேதியையும் அழிக்க வேண்டிய தேதியையும் பயனரின் மேல் ஒரு டேக்காக எழுதிவைத்தால், இவர் விடுப்பில் போனாலும் அடுத்தவர் தொடர்வார்.

அந்தத் தேதி வந்ததும் கீகளை அழிக்கலாம்.

```
aws iam delete-access-key --user-name shop-app \
  --access-key-id AKIAIOSFODNN7EXAMPLE
```

கடைசியில் பயனர். இங்கே முதலாளிக்கு ஒரு பயம் வரும்: அந்தப் பயனர் உண்டாக்கிய சர்வர்களும் பக்கெட்டுகளும் சேர்ந்து போய்விடுமோ? போகாது. அவை கணக்குக்குச் சொந்தமானவை, பயனருக்கு அல்ல. கட்டளை வரியில் நேராக `delete-user` என்று அடித்தால் பெரும்பாலும் `DeleteConflict` என்ற பிழைதான் வரும். பயனரோடு ஒட்டிக்கொண்டிருக்கும் எல்லாவற்றையும் முதலில் கழற்ற வேண்டும்: கடவுச்சொல், இருகட்டச் சரிபார்ப்புக் கருவி, குழு உறுப்பினர் நிலை, இணைத்த பாலிசிகள், உள்ளேயே எழுதிய பாலிசிகள், கிட் அணுகலுக்கான சாவிகள். இணையப் பக்கத்தில் அழித்தால் இவற்றை அதுவே கழற்றிவிடும். வசதிதான். ஆனால் கழற்றும்போதுதான் இந்தப் பயனருக்கு என்னென்ன அனுமதிகள் இருந்தன என்பது கண்ணில் படும். நான் கட்டளை வரியையே விரும்புவேன். பாலிசிகளை ஒரு கோப்பில் நகல் எடுத்து வைத்துக்கொண்டு கழற்றினால் பின்னால் ஒரு சந்தேகம் வரும்போது பார்க்கலாம்.

அழிப்பதற்கு முன் இன்னும் ஒரே ஒரு தேடல் பாக்கி. பயனரின் மேல் ஒட்டியிருப்பவற்றைத்தான் `DeleteConflict` சொல்லும். பயனரின் பெயரை வேறு எங்கெல்லாம் எழுதியிருக்கிறார்கள் என்று அது சொல்லாது. பக்கெட் பாலிசிகள், மறைகுறியாக்கச் சாவிகளின் பாலிசிகள், ரோல்களின் நம்பிக்கைப் பாலிசிகள் ஆகியவற்றில் `user/shop-app` என்று எழுதியிருக்கலாம். பயனரை அழித்ததும் அந்தப் பெயர் இருந்த இடத்தில் AIDA என்று தொடங்கும் ஓர் உள் அடையாள எண் தெரியும். ஒவ்வொரு பயனருக்கும் உள்ளுக்குள் அப்படி ஒரு தனி எண் உண்டு, பாலிசி உண்மையில் பிடித்துவைத்திருப்பது அந்த எண்ணைத்தான். ஆகவே பதறிப்போய் அதே பெயரில் புதுப் பயனரை உண்டாக்கினாலும் பழைய அனுமதி திரும்பாது; புதியவருக்கு எண் வேறு. மறைகுறியாக்கச் சாவியை நிர்வகிக்கும் உரிமை அந்த ஒரு பயனருக்கு மட்டுமே எழுதப்பட்டிருந்தால், அமேசானின் உதவிப் பிரிவை அழைக்க வேண்டிய நிலைகூட வரும்.

தேடலில் நம் கடைக்கு ஒரு பக்கெட் பாலிசியில் அந்தப் பெயர் கிடைக்கிறது. அந்த இடத்தில் புது ரோலின் பெயரை எழுதிச் சேமித்துவிட்டுப் பயனரை அழிக்கிறார்கள்.

```
aws iam delete-user --user-name shop-app
```

சில வாரங்கள் கழித்து யாராவது வேறொரு பாலிசியைத் திருத்திச் சேமிக்கும்போது `Invalid principal in policy` என்று மறுப்பு வந்தால், அன்று தேடலில் தப்பிய இடம் அது. உள்ளே AIDA என்று தொடங்கும் வரி இருக்கும். அதை நீக்கிவிட்டால் பாலிசி சேமிக்கப்பட்டுவிடும்.